ஆஃபர் போர்டில் கடைசி நாள் எங்கே?

பண்டிகை நெருங்கினால் தெருமுனை ரீசார்ஜ் கடை வாசலில் ஒரு போர்டு முளைத்துவிடும். சார்ட் பேப்பரில் சிவப்பு மார்க்கரால் எழுதி, நாலு மூலையிலும் செல்லோடேப் ஒட்டி, கண்ணாடிக்கு உள்பக்கமாகத் தொங்கும். அதையே போட்டோ எடுத்துக் கடைக்காரர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்திருப்பார். வாசகம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"பொங்கல் ஸ்பெஷல்! 300 ரூபாய்க்கு தினமும் 2 ஜிபி! கூடவே 6 ஜிபி எக்ஸ்ட்ரா! 28 நாள் வேலிடிட்டி! எல்லாமே அன்லிமிடெட்! 17-ஆம் தேதி வரை மட்டுமே!"

விலையும் அளவும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்தக் கம்பெனியின் பிளானும் அல்ல. ஆனால் வாசகத்தின் அமைப்பு ஊருக்கு ஊர் பார்ப்பதுதான். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் சிக்கலே. ஒவ்வொன்றும் உண்மை. ஆனாலும் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுகிறவர்களில் பாதிப் பேர், வாங்கியது ஒன்று, வாங்கியதாக நினைத்தது வேறொன்று என்ற நிலையில்தான் வீடு திரும்புவார்கள். பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்து சத்தம் போடுவார்கள். கடைக்காரரோ கம்பெனியின் பிளானை விற்றுச் சிறு கமிஷன் பார்க்கிறவர். 300 ரூபாய் ரீசார்ஜில் அவர் கையில் நிற்பது சில ரூபாய்தான். அந்தச் சில ரூபாய்க்காக அரைமணி நேரச் சண்டை.

சண்டைக்குக் காரணம் அந்தப் போர்டில் இல்லாத ஒரு விஷயம். கடைசி நாள். '28 நாள்' இருக்கிறது, '17-ஆம் தேதி' இருக்கிறது. இந்த பிளான் எந்தத் தேதியில் நிற்கும் என்பது மட்டும் இல்லை.

ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். 2026 ஜனவரி 10, சனிக்கிழமை. ஓர் அம்மா கடைக்கு வருகிறார். "தம்பி, அந்தப் பொங்கல் ஆஃபர்ல ஒரு மாசத்துக்குப் போட்டு விடுப்பா" என்கிறார். கடைப் பையன் போட்டுவிடுகிறான். அம்மாவின் கணக்கில் ஒரு மாதம் என்றால் பிப்ரவரி 9 வரை. கம்பெனியின் கணக்கு 28 நாள். ரீசார்ஜ் செய்த நாளையும் ஒரு நாளாகச் சேர்த்தால் ஜனவரியில் 22 நாள் போய்விடும். மீதி ஆறு. ஆக, பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை இரவோடு பிளான் முடிகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகன் சனிக்கிழமை காலையில் வீடியோ காலில் கூப்பிடும்போது நெட் இருக்காது.

மாதத்துக்கு இரண்டு மூன்று நாள்தானே என்று தோன்றும். வருடக் கணக்கில் பாருங்கள். 28 நாள் பிளானை ஒரு நாளும் விடாமல் போட்டு வந்தால் வருடத்துக்கு 13 முறை போட வேண்டியிருக்கும். 13 முறை போட்டாலும் 364 நாள்தான் ஆகும். மாதம் ஒரு ரீசார்ஜ் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் வருடத்தில் ஒரு மாதப் பணத்தைக் கூடுதலாகக் கட்டுகிறார். இதைப் பற்றி எழுந்த புகார்களுக்குப் பிறகுதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் வேலிடிட்டியுள்ள பிளான் ஒன்றையும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற மாதிரி இன்னொன்றையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். அந்த பிளான்கள் இருக்கின்றன. போர்டில்தான் அவை ஏறுவதில்லை, ஏனென்றால் கேட்பவர் குறைவு.

சில கம்பெனிகளில் நாள் கணக்கு நள்ளிரவோடு முடியும். சிலவற்றில் ரீசார்ஜ் செய்த மணிநேரத்தை வைத்து முடியும். ஒரு நாள் வித்தியாசம் இதிலேயே வந்துவிடும். அதனால் கடைக்காரர் விரல்விட்டு எண்ணிச் சொல்வதைவிட, ரீசார்ஜ் ஆனதும் வாடிக்கையாளரின் போனுக்கு வருகிற மெசேஜில் உள்ள தேதியைப் பார்த்துச் சொல்வதுதான் பத்திரம். ஆங்கிலத்தில் வரும் அந்த மெசேஜைப் பலர் படிப்பதில்லை. நிறைய வியாபாரம் உள்ள கடையிலும் அதைத் திறந்து பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் "கடைசி நாள் 6-2-26 வெள்ளி" என்று எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும். கிழமையையும் சேர்த்து எழுதுவது முக்கியம். வயதானவர்கள் தேதியைவிடக் கிழமையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

இனி அந்த '17-ஆம் தேதி வரை'. பண்டிகை ஆஃபர்களில் அதிகம் குழப்புவது இதுதான். ஆஃபரில் சேருவதற்கான கெடு ஒன்று. சேர்ந்த பிறகு பிளான் ஓடும் காலம் இன்னொன்று. இரண்டையும் ஒரே வரியில் போட்டால், '17-ஆம் தேதியோடு நெட் நின்றுவிடும், அப்புறம் எதற்கு 300 ரூபாய்?' என்று ஒருவர் போய்விடுவார். இன்னொருவர் 17-ஆம் தேதி ராத்திரி கடை சாத்தும் நேரத்துக்கு ஓடிவருவார்.

உண்மையில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். 2025 தீபாவளிக்கு பிஎஸ்என்எல் ஒரு ரூபாய் ஆஃபர் அறிவித்தது. அக்டோபர் 15 முதல் நவம்பர் 15 வரை புதிதாக இணைப்பு வாங்குபவர்களுக்கு ஒரு ரூபாயில் சிம், தினமும் 2 ஜிபி டேட்டா, அன்லிமிடெட் கால், தினமும் 100 எஸ்எம்எஸ், 30 நாள் வேலிடிட்டி. இதில் மூன்று விஷயத்தைத் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். நவம்பர் 15 என்பது சிம் வாங்குவதற்கான கடைசி நாள். அன்றைக்கு வாங்கியவருக்கும் 30 நாள் முழுதாக உண்டு. டிசம்பர் நடுவாக்கில்தான் அவருக்கு முடியும். மூன்றாவது, ஏற்கெனவே பிஎஸ்என்எல் வைத்திருப்பவருக்கு இது கிடையாது. இந்த மூன்றாவது விஷயத்தைச் சின்ன எழுத்தில் போட்டாலோ போடாமல் விட்டாலோ, கடை வாசலில் ஒரு ரூபாய் நாணயத்தோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் பழைய வாடிக்கையாளர்களாகத்தான் இருப்பார்கள். ஆஃபர் யாருக்கு என்பது விலைக்குப் பக்கத்திலேயே, விலை எழுதிய அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்க முடியாதவருக்கு விலை தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

நாள் கணக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது டேட்டா. தினமும் 2 ஜிபி, 28 நாள். பெருக்கினால் 56 ஜிபி. சில விளம்பரங்களில் இந்த 56-ஐத்தான் பெரிதாகப் போடுவார்கள். அது மொத்தமாகக் கொட்டி வைத்த நெல் இல்லை. ரேஷன் மாதிரி நாளுக்கு நாள் அளந்து தருவது. ரேஷனில்கூட இந்த வாரம் வாங்காததை அடுத்த வாரம் போய் வாங்கலாம். தினசரி டேட்டாவில் பெரும்பாலும் அதுவும் கிடையாது. நள்ளிரவு 12 மணிக்கு மிச்சம் அழிந்து புதிதாக 2 ஜிபி வரும். திங்கள் முதல் வெள்ளி வரை மிச்சம் வைத்ததைச் சனி, ஞாயிறில் பயன்படுத்த விடும் பிளான்கள் சில உண்டு. அப்படி இருந்தால் அது விளம்பரத்தில் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம். இல்லையென்றால் 'மிச்சம் மறுநாளுக்குச் சேராது' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். 56 ஜிபி என்று மட்டும் போட்டுவிட்டு அந்த வரியை விடுவது, என் கணக்கில், ஏமாற்று வேலைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

பண்டிகை நாளின் விசேஷமே செலவு ஒரே நாளில் குவிவதுதான். வீட்டில் ஆள் அதிகம். வெளியூர் அத்தை, வெளிநாட்டு மாமா என்று வரிசையாக வீடியோ கால். பிள்ளைகள் ஹாட்ஸ்பாட் போட்டு ஆளுக்கொரு படம் பார்ப்பார்கள். சாதாரணத் தரத்தில் வீடியோ பார்த்தாலே ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபி அளவுக்குப் போகும். தரத்தைக் கூட்டினால் இரட்டிப்பு, அதற்கும் மேல். பொங்கல் பானை இறக்குவதற்குள் 2 ஜிபி தீர்ந்துவிட்டால் ஆச்சரியமில்லை. மீதி 27 நாள் டேட்டா கணக்கில் இருந்தும் அன்றைக்கு அதில் ஒரு துளி எடுக்க முடியாது.

தீர்ந்த பிறகு என்ன நடக்கும்? இங்கேதான் 'அன்லிமிடெட்' வருகிறது. நெட் துண்டிக்கப்படாது, வேகம் குறையும். பல பிளான்களில் அந்த வேகம் 64 கேபிபிஎஸ். அதன் பொருள் என்ன என்று யாரும் சொல்வதில்லை, நாமே கணக்குப் போடலாம். 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கிலோபைட். போனில் எடுத்த ஒரு போட்டோ 3 எம்பி இருந்தால் அது முழுதாக வந்து சேர ஆறு நிமிடத்துக்கு மேல். வாட்ஸ்அப்பில் எழுத்து மெசேஜ் போகும், வரும். வீடியோ ஓடாது. முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் நடக்காத காரியம். 'அன்லிமிடெட்' என்று எழுதுவது பிழையில்லை; பக்கத்திலேயே '2 ஜிபிக்குப் பிறகு மெசேஜ் மட்டும் போகும், வீடியோ ஓடாது' என்று எழுதாமல் விடுவதுதான் பிழை. 64 கேபிபிஎஸ் என்று எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்றும் நினைக்கக் கூடாது. ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு வந்து ரீசார்ஜ் செய்கிறவருக்கு கேபிபிஎஸ் எதற்கு? என்ன ஓடும், என்ன ஓடாது என்பதுதான் அவருக்குத் தேவை.

5ஜி அன்லிமிடெட் என்பது வேறு. அது எல்லா பிளானிலும் வராது. போனும் 5ஜி போனாக இருக்க வேண்டும், நிற்கிற இடத்தில் 5ஜி சிக்னலும் இருக்க வேண்டும். சொந்த ஊருக்குப் பண்டிகைக்குப் போகிறவர் பலருக்கு அந்த மூன்றாவது இருக்காது. கிராமத்தில் போன் 4ஜிக்கு இறங்கியதும் தினசரி 2 ஜிபி கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

இப்போது அந்த '6 ஜிபி எக்ஸ்ட்ரா'. பண்டிகை ஆஃபரில் பண்டிகை என்று சொல்லிக்கொள்ள இருப்பதே இந்த எக்ஸ்ட்ராதான். மற்றதெல்லாம் வருடம் முழுக்க விற்கிற அதே பிளான். ஆனால் அதற்கு மட்டும் தனி வேலிடிட்டி இருக்கும். நம் உதாரணத்தில் ரீசார்ஜ் செய்த நாளிலிருந்து 3 நாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அம்மா ரீசார்ஜ் செய்தது 10-ஆம் தேதி. 10, 11, 12. எக்ஸ்ட்ரா டேட்டா 12-ஆம் தேதியோடு சரி. போகி 14-ஆம் தேதி, பொங்கல் 15-ஆம் தேதி. பொங்கலுக்காகக் கொடுத்த டேட்டா போகிக்கு முன்பே செத்துப்போகிறது.

அந்த மூன்று நாளிலாவது அது பயன்பட்டதா என்றால், அதுவும் சந்தேகம். சாதாரணமாக முதலில் தினசரிக் கணக்கில்தான் டேட்டா கழியும். அது தீர்ந்த பிறகுதான் எக்ஸ்ட்ராவில் கை வைக்கும். 10-ஆம் தேதியிலிருந்து 12-ஆம் தேதி வரை அம்மா ஒரு நாளும் 2 ஜிபியைத் தாண்டவில்லை என்றால் அந்த 6 ஜிபியில் ஒரு எம்பிகூட அவர் தொட்டிருக்க மாட்டார். இன்னும் சில ஆஃபர்களில் எக்ஸ்ட்ரா தானாக வராது. கம்பெனியின் ஆப்பில் கூப்பனாக வந்து உட்கார்ந்திருக்கும். உள்ளே போய்க் குறிப்பிட்ட தேதிக்குள் அதை அழுத்தி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆப்பே இல்லாத போன்காரருக்கு அது கண்ணாடிப் பெட்டியில் வைத்த லட்டு. இதையெல்லாம் தெரிந்த கடைக்காரர் வாடிக்கையாளரிடம் "பொங்கல் அன்னிக்குத்தான் வேணும்னா 14-ஆம் தேதி காலையில வாங்கம்மா, அப்ப போட்டாத்தான் மாட்டுப்பொங்கல் வரைக்கும் வரும்" என்று சொல்லி அனுப்புவார். அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பிய ஆள் நிச்சயம் திரும்பி வருவார். பக்கத்துக் கடைக்குப் போக மாட்டார்.

இன்னொரு வில்லங்கம், பழைய பிளான் முடிவதற்குள் புதியதைப் போடுவது. அம்மாவின் போனில் ஏற்கெனவே தினமும் 1.5 ஜிபி பிளான் ஜனவரி 20 வரை ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10-ஆம் தேதி போட்ட புது பிளான் என்ன ஆகும்? சில கம்பெனிகளில் அது வரிசையில் காத்திருக்கும். 21-ஆம் தேதிதான் தொடங்கும், பிப்ரவரி 17 வரை ஓடும். நாள் நஷ்டமில்லை, ஆனால் பொங்கல் அன்று அம்மாவுக்குக் கிடைப்பது பழைய 1.5 ஜிபிதான். சில இடங்களில் உடனே தொடங்கிவிடும். எது நடக்கும் என்பது கம்பெனியையும் பிளானையும் பொறுத்தது. ஆகவே கடைக்காரர் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இப்ப ஓடுற பிளான் என்னைக்கு முடியுது?" என்பதுதான். பணத்தை வாங்கி, நம்பரை அடித்து, ஓகே அழுத்தியபிறகு பிளானை மாற்றித்தர அவரால் முடியாது.

டேட்டா மட்டும் உள்ள பேக்குகள் இதைவிட மோசமாகக் குழப்பும். கடை வழக்கில் 'நெட் பேக்', 'பூஸ்டர்', 'ஆட்-ஆன்' என்று பல பெயர். 'பொங்கல் நெட் பேக், 10 ஜிபி' என்று போர்டில் பார்த்ததும், மெயின் பிளான் முடிந்த போனுக்கு இதைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று ஒருவர் நினைப்பார். பெரும்பாலான ஆட்-ஆன்கள் மெயின் பிளான் உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும். கால் பேசும் வசதியும் வராது, சிம்மின் வேலிடிட்டியும் நீளாது. அந்த 10 ஜிபி எத்தனை நாளைக்கு என்பதிலும் ஒரே விதி கிடையாது. சில பேக் மெயின் பிளான் முடியும் வரை வரும். சில ஏழு நாளில் காலாவதியாகும். ஒரு நாள் பேக் என்றால் பல சமயம் 24 மணி நேரம் என்று பொருள் இல்லை. அன்றைய நள்ளிரவு வரை என்றுதான் பொருள். பொங்கல் அன்று இரவு 9 மணிக்கு ஒரு நாள் பேக் போட்டவருக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம்.

முன்பெல்லாம் காகிதக் கார்டு விற்ற காலத்தில் இதற்கு ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. டிராயின் 2012 விதிகளின்படி கார்டுகளில் நிறப் பட்டை இருக்கும். பிளான் வவுச்சருக்குச் சிவப்பு, டாப்-அப்புக்குப் பச்சை, சிறப்புக் கட்டண வவுச்சருக்கு மஞ்சள். பிறகு எல்லாம் கலந்த காம்போவுக்கு நீலம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து வாங்கலாம். ரீசார்ஜ் முழுக்க போனுக்கும் ஆப்புக்கும் போய்விட்ட பிறகு காகிதமே அருகிவிட்டது என்று 2024 டிசம்பரில் அந்த நிற விதியை டிராய் எடுத்துவிட்டது. நியாயம்தான். ஆனால் கடைக்காரர் தன் போர்டில் அதைத் திரும்பக் கொண்டுவருவதை யாரும் தடுக்கவில்லை. முழு பிளான்களை ஒரு நிறத் தாளிலும், மெயின் பிளான் இருந்தால் மட்டுமே வேலை செய்யும் நெட் பேக்குகளை வேறு நிறத் தாளிலும் எழுதி ஒட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

பண்டிகை என்றாலே கம்பெனிகள் சலுகையைப் பறித்த காலமும் ஒன்று உண்டு. எஸ்எம்எஸ் கொடிகட்டிப் பறந்த நாட்களில், மலிவு எஸ்எம்எஸ் பேக் போட்டவர்களுக்கும் தீபாவளி, புத்தாண்டு போன்ற நாட்களில் முழுக் கட்டணம் பிடிப்பார்கள். 'பிளாக்-அவுட் டே' என்று அதற்குப் பெயர். வருடத்துக்கு ஐந்து நாளுக்கு மேல் அப்படி வைக்கக் கூடாது, எந்தெந்த நாள் என்று முன்பே சொல்லிவிட வேண்டும் என்று டிராய் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வாழ்த்து அனுப்புவது எஸ்எம்எஸ்ஸிலிருந்து வாட்ஸ்அப்புக்கு மாறியதும் அந்த வியாபாரம் தானாகவே படுத்துவிட்டது.

இவ்வளவையும் மனதில் வைத்து, ஆரம்பத்தில் பார்த்த அதே போர்டை அதே ஆஃபருக்கு எழுதினால் எப்படி இருக்கும்? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பொங்கல் ரீசார்ஜ் – 300 ரூபாய். பழைய, புதிய வாடிக்கையாளர் எல்லோருக்கும்.
இந்த ஆஃபரில் சேர: ஜனவரி 9 வெள்ளி முதல் ஜனவரி 17 சனி வரை.
எத்தனை நாள் வரும்: 28 நாள் (ஒரு மாதம் அல்ல). ஜனவரி 10 அன்று போட்டால் கடைசி நாள் பிப்ரவரி 6, வெள்ளி.
டேட்டா: ஒரு நாளைக்கு 2 ஜிபி. மிச்சம் மறுநாளுக்குச் சேராது. 2 ஜிபி தீர்ந்தால் அன்று இரவு 12 மணி வரை மெசேஜ் மட்டும் போகும், வீடியோ ஓடாது.
பொங்கல் எக்ஸ்ட்ரா: 6 ஜிபி, போட்ட நாளோடு சேர்த்து 3 நாள் மட்டும். பொங்கலுக்கு வேண்டுமென்றால் ஜனவரி 14 அன்று போடுங்கள்.
பேச: எல்லா நம்பருக்கும் அளவில்லை. எஸ்எம்எஸ்: தினமும் 100.
பழைய பிளான் ஓடிக்கொண்டிருந்தால் போடுவதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள்.
300 ரூபாய்க்கு மேல் கடையில் எதுவும் வாங்குவதில்லை."

கொஞ்சம் நீளம்தான். 'தமாக்கா' இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. ஆனால் எந்த வரிக்கும் இரண்டு அர்த்தம் இல்லை. 'ஒரு மாதம் அல்ல' என்று அடைப்பில் போட்டிருப்பது வியாபாரத்தைக் கெடுக்கும் என்று சில கடைக்காரர்கள் சொல்லக்கூடும். பிப்ரவரி 7-ஆம் தேதி காலையில் வந்து நிற்கப்போகிற கூட்டத்தை நினைத்துப் பார்த்தால் அந்த மூன்று வார்த்தை மலிவு. தேதிக்கு உதாரணமாக ஒரு நாளை வைத்திருப்பதால், தினமும் காலையில் கடை திறந்ததும் அதை அழித்து 'இன்று போட்டால் கடைசி நாள்' என்று மாற்றி எழுதலாம். அதற்குச் சார்ட் பேப்பரைவிட வெள்ளை போர்டு நல்லது.

கடைசி வரிக்கும் காரணம் இருக்கிறது. சில கடைகளில் ரீசார்ஜுக்கு மேல் ஒன்றிரண்டு ரூபாய் வாங்குவது வழக்கம்; சில ஆப்களும் தனிக் கட்டணம் பிடிக்கின்றன. வாங்குவதானால் அதையும் எழுதிவிட வேண்டியதுதான். இதே போல, கடைக்காரர் தன் சொந்தக் கணக்கில் ஏதாவது கொடுத்தால், அதாவது டெம்பர் கிளாஸோ, பேக் கவரோ, பத்து ரூபாய் தள்ளுபடியோ, அதைக் கம்பெனியின் ஆஃபரோடு கலக்காமல் தனிக் கட்டம் போட்டு 'இது எங்கள் கடையின் பரிசு, முதல் 50 பேருக்கு' என்று எழுத வேண்டும். கலந்து எழுதினால் கவர் தீர்ந்த அன்று டேட்டாவும் தீர்ந்துவிட்டதாக ஒருவர் நினைப்பார், அல்லது கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கவர் கேட்பார்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கூடுதலாக ஒரு கவனம் வேண்டும். பண்டிகைச் சமயத்தில் 'மூன்று மாதம் இலவச ரீசார்ஜ், இந்த லிங்க்கை அழுத்துங்கள்' என்ற போலி மெசேஜ்கள் டிராய் பெயரிலும் அரசாங்கத்தின் பெயரிலும் சுற்றும். அப்படி இலவச ரீசார்ஜ் எதுவும் இல்லை என்று மத்திய அரசின் பிஐபி உண்மை கண்டறியும் பிரிவு பலமுறை மறுத்திருக்கிறது. ஆகவே கடை மெசேஜில் லிங்க் எதுவும் வேண்டாம். கடையின் பெயர், தெரு, திறந்திருக்கும் நேரம் போதும். மேலே தேதியும் இருக்கட்டும். போன வருடப் பொங்கல் போஸ்டர் இந்த வருடமும் குரூப்பில் சுற்றி வந்து, அந்த விலைக்கே போடச் சொல்லிச் சண்டை வரும். விநியோகஸ்தர் அனுப்பும் போஸ்டர்களில் ஆண்டு இருப்பதே அபூர்வம்.

பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தாவுக்கு இந்த ஆஃபரே வேண்டாம் என்பதையும் நல்ல கடைக்காரர் சொல்வார். நெட்டே பயன்படுத்தாதவர் 2 ஜிபிக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான வவுச்சர் ஒன்றாவது எல்லாக் கம்பெனியும் வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பர் திருத்தத்தில் டிராய் சொல்லிவிட்டது. அந்த வவுச்சரின் வேலிடிட்டியும் 90 நாளிலிருந்து 365 நாள் வரை நீட்டிக்கப்பட்டது. கேட்டால் கிடைக்கும்.

வாங்குகிறவர் பக்கம் வேலை ரொம்பக் குறைவு. பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி: கடைசி நாள் எந்தத் தேதி, ஒரு நாளைக்கு எவ்வளவு, எக்ஸ்ட்ரா என்றைக்கு முடியும். கடைக்காரரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். போனுக்கு வரும் மெசேஜை அழிக்காதீர்கள். மெசேஜில் உள்ளதும் சீட்டில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே, கடையை விட்டு இறங்குவதற்கு முன் கேளுங்கள். கம்பெனி சொன்னபடி டேட்டாவோ நாளோ வரவில்லை என்றால் அந்த நம்பரிலிருந்தே 198-க்கு அழைத்துப் புகார் செய்யலாம். அழைப்பு இலவசம். புகார் எண் கொடுப்பார்கள். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.